பஸ்ஸில் ஏறிய பிறகு ஞாபகம் வந்த பதில்: இன்டர்வியூ முடிந்ததும் நன்றி மின்னஞ்சலில் அதைச் சேர்ப்பது எப்படி

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு விசுவமடுவுக்கு பஸ் ஏறிய ஒரு தங்கச்சி, பரந்தன் சந்தி தாண்டுவதற்குள் எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணா, முக்கியமான ஒன்றைச் சொல்லாம வந்திட்டன். இனி ஒண்டும் செய்யேலாதோ?"

செய்யலாம் என்றேன். அன்றிரவும் மறுநாள் காலையும் அவள் என்ன செய்தாள் என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் சில வருடங்கள் இப்படியான நேர்முகக் குழுக்களில் மேசைக்கு மறுபக்கம் இருந்தவன். அதனால் இப்படி ஒரு மின்னஞ்சல் அங்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பது ஓரளவு தெரியும்.

முதலில் அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம். நான் இருந்த குழுக்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு புள்ளித்தாள் இருக்கும். கள அனுபவம், கணக்கு வைப்பது, சமூகத்தோடு பழகுவது என்று நாலைந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எல்லா ஆட்களையும் பார்த்து முடித்த பிறகு மூவரும் தாள்களை அருகருகே வைத்துக்கொண்டு பேசுவோம். அனேகமாக முதலாவது ஆள் தெளிவாகத் தெரிந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது இடங்களில்தான் இழுபறி. "இந்தப் பிள்ளை நல்லம், ஆனால் கடன் விசயத்தில் பதில் காணாது" என்று யாராவது சொல்வார்கள். அந்த "ஆனால்" வரும் இடத்தில் நீங்கள் அனுப்பிய நான்கு வரி யாருடைய கையிலாவது இருந்தால் பிரயோசனம். அடியில் கிடக்கிற புள்ளியை அது மேலே தூக்காது. குழு கூடிக் கதைத்து முடிந்த பிறகு வந்தாலும் பயனில்லை.

யாருக்கு அனுப்பக்கூடாது

அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சை என்றால் இதைச் செய்யவே வேண்டாம். அங்கே சான்றிதழுக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று புள்ளித்திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பிறகு வரும் கடிதத்துக்கு அதில் இடமில்லை. எந்த வகையிலாவது செல்வாக்குச் செலுத்த முயன்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று பல விளம்பரங்களிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் நன்றியை யாராவது அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் வீண் வில்லங்கம். சில பெரிய சர்வதேச நிறுவனங்களும் அறைக்குள் சொன்னதற்கு மட்டும்தான் புள்ளி போடுவார்கள். அங்கே அனுப்பினால் நட்டமில்லை, ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். உள்ளூர்த் தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், தனியார் கம்பனி, நுண்கடன் நிறுவனம் போன்ற இடங்களில்தான் இது எடுபடும்.

பஸ்ஸிலேயே எழுதத் தொடங்குங்கள்

ஞாபகம் சூடாக இருக்கும்போது ஒரு கொப்பியிலோ போனிலோ, கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். கேள்விக்குப் பக்கத்தில் நீங்கள் சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுத வேண்டும். சொல்லியிருக்க வேண்டியதை அங்கே எழுதக்கூடாது. இரண்டையும் கலந்துவிட்டால், மறுநாள் காலையில் எது சொன்னது, எது நினைத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பிறகு மின்னஞ்சலில், சொன்னதையே சொல்ல மறந்ததாக எழுதிவிடுவீர்கள்.

குழுவில் இருந்தவர்கள் எந்தக் கேள்வியை இரண்டாம் தரம் கேட்டார்கள் என்பதை மட்டும் ஒரு கோடு போட்டுக் குறித்துவையுங்கள். அவளுடைய கொப்பியில் அது இப்படி இருந்தது:

"பயனாளிகள் சுழற்சிக் கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால்?" – விழிப்புணர்வுக் கூட்டம் வைப்பேன் என்றேன்.
"அதற்குப் பிறகும் கட்டாவிட்டால்?" – மேலதிகாரிக்கு அறிவிப்பேன் என்றேன்.

அந்த இரண்டாவது கேள்விதான் விசயம். முதல் பதிலில் திருப்தி இருந்திருந்தால் அவர்கள் அடுத்த தலைப்புக்குப் போயிருப்பார்கள்.

மறந்தது நாலு, போகவேண்டியது ஒன்று

அன்றிரவு அவளிடம் மறந்தவற்றைச் சொல்லச் சொன்னேன். நாலு வந்தது. கணினிக் கற்கைநெறி முடித்தது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருப்பது. சிங்களம் ஓரளவு பேசுவது. நாலாவதாக, கொஞ்சம் தயங்கி, ஊர் மாதர் சங்கத்தில் இரண்டு வருடம் பொருளாளராக இருந்து சுழற்சிக் கடனைப் பார்த்தது.

"இதை ஏன் அங்கே சொல்லேல்ல?"

"அது வேலை இல்லைத்தானே அண்ணா. சங்கத்துக்குச் சும்மா செய்தது."

வன்னியில் இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். சம்பளம் வாங்கிச் செய்தால்தான் அனுபவம் என்று நினைத்துக்கொண்டு, கமக்காரர் அமைப்பில் செயலாளராக இருந்ததையும், முகாமில் நிவாரணப் பதிவு எழுதியதையும், கோயில் கட்டடக் கணக்கை மூன்று வருடம் பார்த்ததையும் சிவியில் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சிவியில் இல்லாதது நேர்முகத்திலும் வாயில் வராது. ஆகவே மறந்ததைத் தேடும்போது சம்பளமில்லாமல் செய்தவற்றில் முதலில் தேடுங்கள்.

சரி, நாலில் எது? லைசன்ஸும் கணினியும் சிவியில் ஏற்கெனவே இருக்கின்றன. குழுவின் கையில் அந்தத் தாள் இருந்தது. சிங்களத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சங்கக் கடன் மட்டும்தான் அவர்கள் இரண்டு தரம் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். சிவியிலும் இல்லை. போதாததற்கு, சொன்னால் உறுதிப்படுத்த அக்காலத் தலைவி ஊரிலேயே இருக்கிறார். அவர்கள் கேட்டது, தாளில் இல்லாதது, வேறொருவர் உறுதிப்படுத்தக்கூடியது: இந்த மூன்றும் பொருந்துகிற ஒன்று கிடைக்காவிட்டால் வெறும் நன்றியை மட்டும் அனுப்புங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

மற்ற மூன்றையும் விட அவளுக்கு மனம் வரவில்லை. "சும்மா ஒரு வரிதானே அண்ணா" என்றாள். அந்த ஆசை எனக்குத் தெரியும். நானும் இருபத்தைந்து வயதில் ஒரு இன்டர்வியூ முடிந்து, மறந்தவை என்று ஐந்து விடயங்களை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. பிறகொரு நாள் அந்தக் குழுவில் இருந்த ஒருவரைத் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீர் அனுப்பினதை நான் பாதிக்கு மேல வாசிக்கேல்ல. இவ்வளவும் சொல்ல இருந்த ஆள் அங்க என்ன கதைச்சவர் எண்டு யோசிச்சன்." ஐந்து விடயம் மறந்தவர் என்றால் ஆயத்தமில்லாமல் வந்தவர் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கிறது.

எழுதுமுன் கொப்பியைப் பாருங்கள்

ஞாபகத்தில் இருந்து இலக்கம் எழுத வேண்டாம். அவள் எனக்கு முதலில் சொன்னது, "வெள்ளத்துக்குப் பிறகும் எல்லாரும் கட்டி முடிச்சவை" என்று. தலைவி அக்காவிடம் போன் எடுத்துப் பழைய கடன் பதிவேட்டை வாசிக்கச் சொன்னோம். கணக்கு வேறாக இருந்தது. 24 பேருக்குத் தலா 20,000 ரூபா, மாதம் 2,000 வீதம் பத்துத் தவணை. மூன்று தவணை வந்து முடிய 2018 டிசெம்பர் வெள்ளம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அந்த மாதம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 11 பேர் தவணையை நிறுத்திவிட்டார்கள். இவளும் தலைவியும் வீடு வீடாகப் போய்ப் பேசி, பெப்ரவரி வரை அவகாசம் கொடுத்து, காலபோக அறுவடை முடிய மார்ச்சில் திரும்பத் தொடங்கினார்கள். மிச்சம் ஏழு தவணை. செப்டெம்பருக்குள் 9 பேர் கட்டி முடித்தார்கள். இருவர் கட்டவேயில்லை.

"அந்த ரெண்டு பேரைச் சொல்லாம விடுவமே?" என்று கேட்டாள். விட வேண்டாம் என்றேன். கடன் திட்டம் நடத்தியவர்களுக்கு, வெள்ளத்துக்குப் பிறகு நூற்றுக்கு நூறு திரும்பி வந்தது என்றால்தான் சந்தேகம் வரும். ஒன்பது வந்தது, இரண்டு வரவில்லை என்று எழுதுகிறவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தவர் என்று அவர்களுக்கு விளங்கும். நாளைக்குத் தலைவியிடம் கேட்டாலும் அதே கணக்குத்தான் வரும்.

முதல் எழுத்து, அதில் பிழைத்தது

இரவு பத்து மணிக்கு அவள் எனக்கு அனுப்பிய முதல் வரைவு:

> மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,
> என்னை நேர்முகத் தேர்விற்கு அழைத்தமைக்கு எனது மனமார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். பதற்றம் காரணமாகச் சில விடயங்களைச் சரியாகக் கூற முடியாமல் போனமைக்கு மன்னிக்கவும். எனக்குக் கடன் முகாமைத்துவத்தில் நல்ல அனுபவம் உண்டு. சிங்களமும் ஓரளவு பேசுவேன். இவ்வாய்ப்பினை வழங்கினால் முழு அர்ப்பணிப்புடன் பணியாற்றுவேன் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகிய கை. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் "பதற்றம்" என்ற சொல்லைக் குழு கவனித்ததோ இல்லையோ, இப்போது அவளே எழுத்தில் கொடுக்கிறாள். "சில விடயங்கள்" என்றால் எவை என்று தெரியாது. "நல்ல அனுபவம் உண்டு" என்பதை மற்ற எல்லாரும்தான் சொல்லியிருப்பார்கள். சிங்களம் எப்படியோ திரும்பி வந்துவிட்டது. கடைசி வரி வேலை கேட்கிறது. அதை விண்ணப்பத்திலேயே கேட்டாயிற்று. இருபத்துநான்கு பேரையும் வெள்ளத்தையும் காணவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அனுப்பியது இது:

> பொருள்: கள உத்தியோகத்தர் நேர்முகத் தேர்வு, வியாழக்கிழமை – நன்றி (முழுப்பெயர்)
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> நேற்றுக் காலை என்னுடன் பேசியதற்கு உங்களுக்கும் குழுவிலிருந்த மற்ற இருவருக்கும் நன்றி. இந்த வேலையில் மாதத்தில் பாதி நாள் கண்டாவளைப் பிரிவில் களத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் விளக்கியதால், வேலையைப் பற்றிய தெளிவு கிடைத்தது.
>
> பயனாளிகள் கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். என் பதிலில் சேர்க்கத் தவறிய ஒன்று: 2018, 2019ஆம் ஆண்டுகளில் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். 24 பேருக்குத் தலா 20,000 ரூபா சுழற்சிக் கடன் கொடுத்திருந்தோம். 2018 டிசெம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 11 பேர் தவணையை நிறுத்தினார்கள். வீடு வீடாகச் சென்று பேசி, பெப்ரவரி வரை அவகாசம் கொடுத்து, அறுவடை முடிந்ததும் மார்ச்சில் மீண்டும் தொடங்கினோம். செப்டெம்பருக்குள் 9 பேர் முழுதாகக் கட்டினார்கள், இருவர் கட்டவில்லை. அக்காலத் தலைவி இதை உறுதிப்படுத்துவார். தேவையானால் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தருகிறேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர், தொலைபேசி இலக்கம்)

போன் திரையில் ஒரு தரம் விரலால் தள்ளினால் முடிந்துவிடுகிற நீளம். நன்றி சொல்லும் பகுதியில் கண்டாவளை என்று ஓர் இடப்பெயர் இருப்பதைப் பாருங்கள். அந்த அறையில் இருந்தவர் மட்டும் எழுதக்கூடிய ஒரு வரி அது. அப்புறம், அவர்கள் கேட்ட கேள்வியை அவர்களுடைய வார்த்தையிலேயே ஞாபகப்படுத்திவிட்டுத்தான் பதில் தொடங்குகிறது. மூன்று நாளில் பன்னிரண்டு பேரைப் பார்த்தவருக்கு எந்தக் கேள்வியை யாரிடம் கேட்டோம் என்பது மறந்திருக்கும். "மறந்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று எங்கும் இல்லை. "சேர்க்கத் தவறிய ஒன்று" என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

நீங்கள் அங்கே பிழையாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது வேறு கதை. மூன்று வருட அனுபவம் என்று சொல்லி, உண்மையில் இரண்டரை என்றால், மறந்த விடயத்தையெல்லாம் விட்டுவிட்டு அதைத் திருத்தி ஒரு வரி எழுதுங்கள். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் போட்டால் சேர்த்ததையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எங்கே, எப்போது, எந்த எழுத்துருவில்

நேர்முகத்துக்கு வரச் சொல்லி வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். விண்ணப்பம், அழைப்பு எல்லாம் அந்தக் கோவையில் இருப்பதால் உங்களைத் தேட வேண்டியதில்லை. போனில் மட்டும் கூப்பிட்டிருந்தால், விண்ணப்பம் அனுப்பிய முகவரிக்கு அனுப்பலாம். குழுவில் இருந்தவருடைய சொந்த வட்ஸ்அப்புக்கோ பேஸ்புக்குக்கோ போக வேண்டாம். கிளிநொச்சி சின்ன ஊர். அந்த அலுவலகத்தில் ஓட்டுநராக உங்கள் மாமா முறையான ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வழியாகப் போனால் நீங்கள் எழுதிய கணக்கைவிட மாமாவின் பெயர்தான் குழுவுக்கு நினைவில் நிற்கும்.

நேரம், அன்று மாலை அல்லது மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன். அவளுடைய நேர்முகம் வியாழன். வெள்ளி பிற்பகல் வரை மற்றவர்களைப் பார்ப்பதாக வரவேற்பில் சொல்லியிருந்தார்கள். ஆகவே வெள்ளி காலை ஆறரை சரியான நேரம். திங்கள் என்றால் தாள்கள் கட்டப்பட்டிருக்கும்.

ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. பலர் கடிதத்தைக் கொமினிகேசனில் கொடுத்து அடிப்பிக்கிறார்கள். அங்கே இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்கள் உண்டு. அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், மறுபக்கம் "நன்றி" என்ற சொல் இப்படித் தெரியும்:

```
ed;wp
```

அங்கே இருப்பவர் அது ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். போனின் தமிழ் விசைப்பலகையில் நீங்களே அடித்தால் இந்தப் பிரச்சினை வராது. சந்தேகமாக இருந்தால் முதலில் உங்கள் சிநேகிதி ஒருத்திக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மொழியைப் பொறுத்தவரை, அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டிருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ஆனால் வேறு ஒருவரைக் கொண்டு எழுதுவித்த ஆங்கிலம் நேற்று நீங்கள் பேசியதோடு பொருந்தாது. உங்கள் ஆங்கிலத்தில் நான்கு எளிய வசனம் போதும்.

இணைப்பு வேண்டாம். கடன் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். அதில் 24 பெண்களின் பெயரும், யார் எவ்வளவு கட்டவில்லை என்பதும் இருக்கிறது. அது அவர்களுடைய விசயம். அயலவரின் கடன் கணக்கை வெளியே அனுப்புகிற ஒருவரைக் கடன் திட்டத்துக்கு எடுக்கலாமா என்றும் குழு யோசிக்கும்.

அனுப்பிய பிறகு

பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "கிடைத்தது, நன்றி" என்று ஒரு வரி. இரண்டாவது மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். செய்யவேண்டியது ஒன்றுதான்: உறுதிப்படுத்துவார் என்று நீங்கள் எழுதிய ஆளுக்கு அன்றே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால், தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்து, "இந்தப் பிள்ளை கடன் கணக்குப் பார்த்தவவா?" என்று கேட்கும்போது, ஏதோ பிரச்சினை என்று பயந்து, "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று வைத்துவிடுவார்கள். அப்படி நடந்த ஒரு கதை எனக்குத் தெரியும்.

எழுதிய விடயத்தின் பலவீனமான இடத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மனிதவளப் பிரிவிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. தலைவியின் இலக்கத்தைக் கேட்டார்கள். அப்புறம் அந்த அம்மா கேட்டார்: "கட்டாத இரண்டு பேருக்கும் என்ன செய்தனீங்கள்?"

ஒருவர் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டார், மற்றவருக்குக் கணவர் விபத்தில் படுத்த படுக்கை, இருவரிடமும் தலா 14,000, மொத்தம் 28,000 ரூபா நின்றது. பொதுக்கூட்டத்தில் வைத்து இரண்டாமவருடையதைத் தள்ளுபடி செய்தோம், முதலாமவருடையது இன்னும் பதிவேட்டில் நிற்கிறது என்று அவள் சொன்னாள். முதல்நாள் இரவுதான் அதையும் பதிவேட்டில் பார்த்து வைத்திருந்தாள்.